அது பைப், இது சுவர்

எங்கள் கல்லூரியில் சனி, ஞாயிறுகளில் மட்டும் நடக்கும் டிப்ளமா வகுப்பு ஒன்று உண்டு. வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவர்களுக்கானது. மற்ற நாள்களில் பளிச்சென்று வரும் பிள்ளைகள் உட்காரும் அதே பெஞ்சுகளில், அந்த இரண்டு நாளும் கையில் கிரீஸ் வாசனையோடும் கண்ணில் தூக்கத்தோடும் ஒரு கூட்டம் வந்து உட்காரும். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். வருகைப் பதிவேட்டில் அவருக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் பஞ்சக்கா.

நான் அங்கே வெப்பவியல் ஆய்வகத்தின் உதவியாளர். இருபத்தோரு வருடமாக அதே அறை, அதே கருவிகள். மாணவர்களுக்கு நான் 'லேப் அம்மா'. பஞ்சக்காவைவிட எனக்குப் பதினோரு வயது கூட. ஆனாலும் நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவரைப் பார்த்தால் வேறு மாதிரி கூப்பிட வாய் வராது.

பஞ்சு என்பது அவருடைய தொழில். மெத்தைப் பஞ்சு இல்லை, கண்ணாடிப் பஞ்சு. பாய்லரிலிருந்து நீராவி போகும் பைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். வெளியே தகடு சுற்றிப் பளபளவென்று இருக்கும். அந்தத் தகட்டுக்கு அடியில் கனமாகப் பஞ்சு சுற்றியிருப்பார்கள். வெப்பம் வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பதற்கு. அதைச் சுற்றும் வேலையைப் பத்தொன்பது வருடமாகச் செய்தவர் அவர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு. அப்படியும் அந்தப் பஞ்சின் நுண்ணிய ஊசிகள் எப்படியோ உள்ளே புகுந்துவிடும். வேலை முடிந்து வந்தால் குளிர்ந்த நீரில்தான் கை கழுவுவார். "வெந்நீர்ல கழுவினா ஊசியெல்லாம் உள்ளேயே குடித்தனம் வெச்சிரும், அம்மா" என்பார்.

அவர் வேலை பார்த்த கம்பெனியில் மேற்பார்வையாளர் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அவருக்குத் தெரிந்த அளவு வேலை தெரிந்தவர் அங்கே யாருமில்லை என்று முதலாளியே சொல்வாராம். ஆனால் அந்த நாற்காலியில் உட்காருகிறவர் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட டிப்ளமா வேண்டும். அப்படித்தான் முப்பத்தெட்டு வயதில், கல்லூரி செல்லும் மகள் ஒருத்தி வீட்டில் இருக்கும்போது, அவர் தானும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு படிக்கக் கிளம்பினார். அவர் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சனி, ஞாயிறு அவருக்கு விடுமுறை. காலையில் அவரே கொண்டுவந்து கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு, "சண்டை போடாம உக்காரு, டீச்சர் சொல்றதைக் கேளு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார். வாட்ச்மேன் சிரிப்பார். பஞ்சக்கா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வருவார்.

மூன்று வருடத்தில் மற்ற எல்லாப் பாடங்களும் தாண்டிவிட்டார். கழுத்தைப் பிடித்தது ஒன்றே ஒன்று, ஹீட் டிரான்ஸ்ஃபர். வெப்பம் எப்படிப் போகிறது என்று சொல்லும் பாடம். பத்தொன்பது வருடமாக வெப்பத்தோடு மல்லுக்கட்டியவர் அதிலேயே இரண்டு முறை கோட்டைவிட்டார். முதல் முறை முப்பத்தெட்டு மதிப்பெண். இரண்டாம் முறை நாற்பத்தேழு. தேற ஐம்பது வேண்டும்.

இரண்டாவது முறை தவறியதும் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, எனக்கு விஷயம் தெரியாம இல்ல. தெரிஞ்சதுதான் என்னைக் கவுத்துடுது. கேள்வியைப் பாத்ததும் கை தானா எழுதுது. கணக்குப் போடறதுக்கு முன்னாடியே விடை எழுதிட்டு, அப்புறம் அந்த விடைக்கு ஏத்த மாதிரி கணக்கை வளைக்கிறேன்."

"அப்போ கையை நம்பாதீங்க" என்றேன்.

"கையை நம்பித்தானே இத்தனை நாள் சோறு சாப்பிட்டேன்!"

ஆய்வகத்தில் 'கூட்டுச் சுவர்' என்று ஒரு கருவி இருக்கிறது. பார்த்தால் ஒன்றுமே இருக்காது. நடுவில் தட்டையான ஒரு ஹீட்டர். அதன் இரண்டு பக்கமும் வட்ட வட்டமான தட்டுகள்: முதலில் இரும்பு, அடுத்து பேக்கலைட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக், கடைசியில் மரம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய திருகால் இறுக்கி வைத்திருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் வெப்பநிலை காட்டும் கம்பி ஒன்று. அந்தக் கருவிக்கு அவசரம் பிடிக்காது. சுவிட்சைப் போட்டால் சூடு நிலைக்கு வர இரண்டு மணி நேரமாவது ஆகும். மாணவர்களுக்குப் பொறுமை இருக்காது. முந்தின வருடத்து நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதிவிட்டு ஓடிவிடுவார்கள். பஞ்சக்கா மட்டும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எதிரே உட்காருவார். விடுமுறை மாதம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் வந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்களைக் குறிப்பார்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் அவருக்குத் தடை என்கிற விஷயம் பிடிபட்டது. சுவரின் கனத்தை, அது வெப்பத்தைக் கடத்தும் திறனால் வகுத்தால் வருவதுதான் அந்த அடுக்கின் தடை. தடை அதிகமுள்ள அடுக்கில் வெப்பநிலை மடமடவென்று இறங்கும். குறைவான அடுக்கில் ஏதோ பெயருக்கு இறங்கும். ஒவ்வொரு அடுக்கின் வழியாகவும் போகிற வெப்பம் மட்டும் ஒரே அளவுதான்.

"அம்மா, ஒரு ஆபீஸ்ல மூணு கவுன்டர். மூணுலயும் நின்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் வெளிய வரணும். ஒரு கவுன்டர்ல இருக்கறவர் தூங்கிவழியறார்னு வெச்சுக்குங்க. அவரை முதல்ல பாத்தாலும் கடைசில பாத்தாலும் எனக்கு ஆகற மொத்த நேரம் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"ஆனா பைப்புல அப்படி இல்லையே. பைப்புல நல்ல பஞ்சை உள்பக்கம் சுத்தினாத்தான் சூடு கம்மியா வெளிய போகும். நானே கை வெச்சுப் பாத்திருக்கேன்."

எனக்கு அதற்குக் காரணம் தெரியாது. அவரே நோட்டில் ஒரு வட்டத்தை வரைந்து, அதைச் சுற்றி இன்னொரு வட்டம் வரைந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துள்ளினார். பைப்பில் வெளியே போகப் போக வட்டம் பெரிதாகிறது. வெப்பம் போக இடம் அகலமாகிறது. அதனால் உள்ளே, இடம் குறுகலாக இருக்கும்போதே நல்ல பஞ்சைப் போட்டால் அதற்கு வலிமை அதிகம். சுவரில் அந்தப் பேச்சே கிடையாது. உள்ளேயும் வெளியேயும் அதே அகலம். ஸ்டூலிலிருந்து எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மூன்றாவது தேர்வில் பன்னிரண்டாம் கேள்வியாக வந்தது ஒரு உலைச் சுவர். உள்ளே தீச்செங்கல், நடுவில் காப்புப் பலகை, வெளியே சாதாரணச் செங்கல். உள்முகம் 840 டிகிரி, வெளிமுகம் 60 டிகிரி. அடுக்குகளின் கனமும் கடத்துதிறனும் கொடுத்திருந்தார்கள். முதல் பகுதி: ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு வெப்பம் இழக்கப்படுகிறது? இரண்டாம் பகுதி: அடுக்குகள் சேரும் இடங்களில் வெப்பநிலை என்ன? மூன்றாவது, ஆறு மதிப்பெண்ணுக்கு: இரண்டு முகங்களின் வெப்பநிலையும் மாறாமல் இருக்க, தீச்செங்கலையும் காப்புப் பலகையையும் இடம் மாற்றி வைத்தால் வெப்ப இழப்பு என்ன ஆகும்? காரணம் கூறுக.

பஞ்சக்கா பிறகு என்னிடம் சொன்னது இது. மூன்றாம் பகுதியைப் படித்ததும் கை தானாக 'குறையும்' என்று எழுதிவிட்டதாம். எழுதிய பிறகு பேனாவைக் கீழே வைத்தாராம். இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்தாராம். கண்காணிப்பாளர் வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம்.

பிறகு 'குறையும்' என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டுக் கணக்கைப் போட்டார். தீச்செங்கலின் தடை 0.2. காப்புப் பலகை 0.8. வெளிச் செங்கல் 0.2. கூட்டினால் 1.2. வேறுபாடு 780 டிகிரி. வகுத்தால் 650 வாட். இடம் மாற்றினாலும் 0.8, 0.2, 0.2. கூட்டினால் அதே 1.2, அதே 650. மாறுவது ஒன்றே ஒன்று. முதல் இரண்டு அடுக்குகள் சேரும் இடத்தில் 710 டிகிரி இருந்தது, இப்போது 320 ஆகும். இதை எழுதிவிட்டு, அடியில் தன் தொழில் புத்தியோடு இன்னொரு வரியும் சேர்த்தார்: 'வெப்ப இழப்பு மாறாது. ஆனால் இப்படி வைக்கக் கூடாது. பலகையின் சூடான பக்கம் 710-லிருந்து 840-க்குப் போய்விடும். நாங்கள் வேலையில் போடும் இந்த வகைப் பலகை 750-க்கு மேல் தாங்காது, உதிரும்.'

முடிவு வந்த அன்று நாற்பத்தைந்து.

அவர் அழவில்லை. அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று, தன் எண்ணுக்கு நேராக விரல் வைத்து இரண்டு முறை பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். அன்று வண்டியோடு வாசலில் நின்ற கணவர், வழக்கமான கிண்டல் எதுவும் செய்யாமல் கதவை மட்டும் திறந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை, அதே வகுப்பில் படித்த வெல்டர் ஒருவர் என் ஆய்வகத்துக்கு வந்தார். பஞ்சக்கா தன் பழைய நோட்டுகளை எடுத்துப் போக வந்திருந்த நேரம். வெல்டர் ஆறடி உயரம், முகமெல்லாம் தீப்பொறித் தழும்பு. குற்றவாளி மாதிரி கதவோரம் நின்றார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். பன்னெண்டாங் கேள்வி மூணாவது பகுதி... நீங்க என்ன எழுதினீங்க?"

"மாறாதுன்னு எழுதினேன்."

"நான் 'குறையும்'னு எழுதினேன். ஒரே வரி. காரணம்கூட சரியா எழுதலை. ஆறுக்கு ஆறு போட்டிருக்காங்க. மொத்தம் அம்பத்து மூணு. விடைத்தாள் நகல் வாங்கிப் பாத்தேன்." கையில் மடித்து வைத்திருந்த தாளை நீட்டினார். "வீட்ல உக்காந்து திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டேன்கா. நீங்க சொல்றதுதான் வருது. நான் தப்பா எழுதித்தான் பாஸ் பண்ணியிருக்கேன்."

பஞ்சக்கா அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"இதை நான் கேக்கப் போனா உன் மார்க் போயிடுமேப்பா."

"போனா போகட்டும்கா. நாலு மாசத்துல திரும்ப எழுதிடுவேன். வெல்டிங்ல தப்பான ஜாயின்ட்டை உடைச்சுட்டுத் திரும்பப் போட்டதே இல்லையா நான்? நீங்க போங்க."

பஞ்சக்காவும் நகல் வாங்கினார். மூன்றாம் பகுதியில், அவருடைய கணக்குக்குக் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு. பக்கத்தில் பூஜ்யம். அதற்குப் பக்கத்தில் 'தவறு. குறையும்.' அடித்துவிட்ட அவருடைய முதல் வார்த்தையைச் சுற்றி ஒரு வட்டம்கூடப் போட்டிருந்தார்கள், முதலில் சரியாகத்தானே எழுதினாய் என்பது மாதிரி. அதைப் பார்த்தபோதுதான் அவருக்கு முகம் சிவந்தது.

துறைத் தலைவரின் அறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் துறைத் தலைவருடையவைதான்; விடைத்தாளைத் திருத்தியதும் அவர்தான். அவர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் வேகம். கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிற ரகம்.

"உக்காருங்கம்மா. மூணாவது பகுதிதானே? பாருங்க, நீங்களே பஞ்சு சுத்தற வேலை பாக்கறவங்க. காப்புப் பொருளைச் சூடான பக்கம் வெச்சா இழப்பு கம்மியாகும்னு உங்களுக்கே தெரியாதா? உங்க தொழில்லயே அதைத்தானே செய்றீங்க?"

பஞ்சக்கா உட்காரவில்லை.

"அது பைப், சார். இது சுவர்."

தலைவர் விடைத்தாள் நகலைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"பைப்புல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி சார். நானும் முதல்ல அப்படித்தான் எழுதினேன். அடிச்சிருக்கேன் பாருங்க. ஆனா கேள்வியில நீங்க கொடுத்தது தட்டையான சுவர். உள்ளயும் வெளியயும் ஒரே பரப்பு. எதை எங்க வெச்சாலும் மொத்தத் தடை ஒண்ணுதான்."

தலைவர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். 0.2, 0.8, 0.2 என்று அவர் எழுதுவது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. கூட்டிவிட்டுப் பேனாவை அங்கேயே நிறுத்தினார்.

"இந்தக் குறிப்பை எழுதறப்போ மனசுல பைப்தான் இருந்திருக்கு எனக்கு" என்றார் மெதுவாக. அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் சொன்னார்.

"அப்போ மார்க் போட்டுடலாமா சார்?" என்று கேட்டுவிட்டேன் நான். என் வாய் சும்மா இருக்காது.

"என் இஷ்டத்துக்கு மாத்த முடியாதும்மா. முடிவு வெளியாயிடுச்சு. மறுஆய்வுக் குழு கூடணும். அதுல ஒருத்தர் இருக்கார். தாளில் கணக்கு சரி, ஆனா நிஜமான பொருள்ல கடத்துதிறன் சூட்டைப் பொறுத்து மாறும், அப்போ இடம் மாத்தினா இழப்பும் மாறும்னு ஆரம்பிப்பார்."

"மாறும்தான் சார்" என்றார் பஞ்சக்கா. "ஆனா நீங்க கேள்வியில ஒரே எண்ணைத்தானே கொடுத்தீங்க?"

தலைவர் சிரித்துவிட்டார். "அதுவும் சரி."

அப்போது நான் சொன்னேன், "சார், நம்ம மெஷின் சும்மாதானே இருக்கு? தட்டை மாத்திப் போட்டு அவங்க கண்ணு முன்னாடியே காட்டிடலாமே?"

இருபத்தோரு வருடத்தில் துறைத் தலைவர் ஒருவர் நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டது அன்றைக்குத்தான்.

குழு கூடிய புதன்கிழமை காலை ஏழரை மணிக்கே ஹீட்டரைப் போட்டுவிட்டேன். முந்தின நாளே எல்லாத் தட்டுகளையும் கழற்றித் துடைத்து, கம்பிகளைச் சரிபார்த்து, திருகை இறுக்கியாயிற்று. பஞ்சக்கா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. வெல்டரும் வந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். எங்கள் துறைத் தலைவர், அவர் சொன்ன அந்தச் சந்தேகப் பேர்வழி, அப்புறம் வேறு கல்லூரியிலிருந்து வந்த ஒரு பேராசிரியை. வெள்ளைத் தலைமுடி, காலில் கேன்வாஸ் ஷூ. அவர்தான் குழுவுக்குத் தலைமை.

முதல் அளவுகளை நான் வாசித்தேன். இரும்பை ஒட்டி இருக்கும் பேக்கலைட்டின் உள்முகம் 89.4 டிகிரி. பேக்கலைட்டும் மரமும் சேரும் இடம் 76.3. மரத்தின் வெளிமுகம் 52.2. மொத்த வேறுபாடு 37.2. ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தைப் பேராசிரியை தானே குனிந்து குறித்துக்கொண்டார்.

பிறகு ஹீட்டரை அணைத்து, திருகைத் தளர்த்தினேன். தட்டுகள் கொதித்துக்கொண்டிருந்தன. பஞ்சக்கா கையுறையைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பேக்கலைட்டையும் மரத்தையும் இடம் மாற்றினார். இப்போது இரும்புக்கு அடுத்து மரம், வெளியே பேக்கலைட். அவர் கை வேலை செய்வதை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். ஒரு தட்டைக்கூட இரண்டாவது முறை சரிசெய்யவில்லை. வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்தது. திருகை முன்பிருந்த அதே அளவுக்கு இறுக்கிவிட்டு, அதே மின்சாரத்தைக் கொடுத்தோம்.

இனி இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சந்தேகப் பேர்வழி கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்வளவு நேரமா ஆகும்?"

"சார், வெப்பத்தை அவசரப்படுத்த முடியாது" என்றார் பஞ்சக்கா. "நிலைக்கு வராம எண்ணை எழுதினா, அது பொய் எண்ணு."

பேராசிரியை திரும்பி அவரை முதல் முறையாக நன்றாகப் பார்த்தார். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "விடைத்தாள்ல 750 டிகிரின்னு ஒண்ணு எழுதியிருந்தீங்களே. கேள்வியில அது இல்லையே. எங்கிருந்து வந்தது?"

"அட்டைப் பெட்டி மேல அச்சடிச்சிருக்கும்மா. நாங்க தினம் பிரிக்கற பெட்டி."

"தாண்டினா என்ன ஆகும்?"

"முதல்ல ஒண்ணும் தெரியாது. வெளிப்பக்கம் தொட்டா எப்பவும்போலத்தான் இருக்கும். ஆனா உள்ள பலகை சுருங்கி விரிசல் விடும். விரிசல் வழியா சூடு வந்துட்டா அப்புறம் கணக்காவது ஒண்ணாவது. ஒரு உலையில பாத்தேன். பிரிச்சா பலகை கையில மாவா வருது."

அதன் பிறகு அந்த இரண்டு மணி நேரமும் பேராசிரியை கேட்டுக்கொண்டே இருந்தார், பஞ்சக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். வளைவில் பஞ்சை எப்படி வெட்டுவது, தகட்டின் விளிம்பில் மழை நீர் புகாமல் எப்படி மடிப்பது, நனைந்த பஞ்சு ஏன் எதற்கும் ஆகாது. பேராசிரியை தன் நோட்டில் படம் வரைந்துகொண்டார். சந்தேகப் பேர்வழியும் கொஞ்ச நேரத்தில் நாற்காலியைக் கிட்டத்தில் நகர்த்திவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அந்த அறையில் பெரிய பெரிய ஆட்கள் பாடம் நடத்திப் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்விக்குக்கூட நோட்டைப் புரட்டாமல் பதில் சொன்னவர் அவர்தான்.

பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை எண்கள் அசையாமல் நின்ற பிறகு, பேராசிரியையே வாசித்தார். உள்முகம் 88.1. நடுவில் 64.4. வெளிமுகம் 51.3.

வெல்டர் உதட்டை அசைத்துக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தாறு புள்ளி எட்டு" என்றார் துறைத் தலைவர்.

"முன்னாடி முப்பத்தேழு புள்ளி ரெண்டு" என்றார் பேராசிரியை. "இந்தப் புள்ளி நாலு வித்தியாசம் ஓரத்துல கசியற சூடு, எந்தச் சுவரைக் கட்டினாலும் இருக்கும். போற வெப்பம் ஒண்ணு. அதைத் தள்ளற வேறுபாடும் ஒண்ணு. அப்போ தடையும் ஒண்ணுதான். நடுவுல மட்டும் எழுபத்தாறு அறுபத்து நாலாகியிருக்கு. அந்த அம்மா எழுதின மாதிரியே."

சந்தேகப் பேர்வழி தொண்டையைக் கனைத்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "நான் ஒண்ணும் சொல்லலை" என்றார். "மெஷின்தான் சொல்லிடுச்சே."

துறைத் தலைவர் எழுந்து நின்றார். பஞ்சக்காவும் பழக்கத்தில் எழுந்தார். தலைவர் இரண்டு பேராசிரியர்கள் முன்னாலும், என் முன்னாலும், வெல்டர் முன்னாலும் சொன்னார்: "தப்பு என்னுடையது. விடைக்குறிப்பைத் திருத்தறேன். உங்களுக்கு நான் போட்ட பூஜ்யத்தை நானே அடிச்சு எழுதறேன்." சொன்னபடி, விடைத்தாளை வாங்கி, அங்கேயே ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பஞ்சக்கா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது. "கண்ணாடித் தூசி" என்று என்னிடம் சொன்னார். அந்த அறையில் கண்ணாடித் தூசி இருக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும்.

எல்லா விடைத்தாள்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பஞ்சக்காவைச் சேர்த்து ஏழு பேர் 'மாறாது' என்று எழுதிப் பூஜ்யம் வாங்கியிருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் இந்த ஆறு மதிப்பெண்ணில் தேறினார்கள். பஞ்சக்காவைத் தவிர மற்ற ஆறு பேருக்கும் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தாங்கள்தான் தப்பு என்று நினைத்துவிட்டார்கள். தவறான குறிப்பால் ஏற்கெனவே தேறியவர்களின் முடிவை மாற்றுவதில்லை என்று குழு தீர்மானித்தது, பிழை மாணவர்களுடையது இல்லை என்பதால். வெல்டருக்கு அது திருப்தியாக இல்லை. அந்த மூன்றாம் பகுதியைத் தன் கையால் ஒரு தாளில் முழுதாகப் போட்டு, துறைத் தலைவரின் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். தலைவர் அதில் சரி என்று குறிபோட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.

ஐம்பத்தொன்று என்று திருத்திய மதிப்பெண் பட்டியல் வந்த சனிக்கிழமை, நானும் வாசல்வரை போனேன். பள்ளிப் பேருந்துக்காரர் தாளை வாங்கி, தூரத்தில் நீட்டி, கிட்டத்தில் கொண்டுவந்து, மறுபடி தூரத்தில் நீட்டிப் படித்தார்.

"அம்பத்தொண்ணா? நூத்துக்கா?"

"ஆமாம், நூத்துக்குத்தான். ஏன்?"

"இல்ல, ஒரு காலேஜையே திருத்தியிருக்க. நூறாவது குடுத்திருக்கலாம்."

வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் காட்டினார். எதிர்க்கடைக்காரரிடம் காட்டினார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தும் விடாமல், சாலையைக் கடந்து போய்ப் பேருந்து நிறுத்தத்தில் நின்ற முன்பின் தெரியாத இரண்டு பேரிடம், "இவங்க யாரு தெரியுமா? வாத்தியாருக்கே கணக்கு சொல்லிக் குடுத்தவங்க" என்றார். பஞ்சக்காவுக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆனால் தாளை அவர் கையிலிருந்து பிடுங்கவும் இல்லை.

இப்போது அவர் மேற்பார்வையாளர். அந்தப் பேராசிரியை தன் கல்லூரிக்கு அவரை வருடம் ஒரு முறை கூப்பிட்டு, மாணவர்களுக்கு முன்னால் நிறுத்திப் பேச வைக்கிறார். போன மாதம் பஞ்சக்கா எங்கள் ஆய்வகத்துக்கும் வந்தார், ஒரு புதிய உலையின் வரைபடத்தோடு. மூன்று அடுக்குச் சுவர். அடுக்குகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் வெப்பநிலையைச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார். மூலையில் கையெழுத்து. அந்தப் பதிவேட்டுப் பெயர், நீளமாக, ஒரு எழுத்துகூடக் குறைக்காமல். அப்போதுதான் நான் அதை முழுசாகப் படித்தேன்.